ஏற்றத்தில் உறைந்துபோன ட்ரிம்: மலைமேல் தனியாகப் பறந்தபோது கற்றவை

தனியாகப் பறக்கப்போகும் மாணவருக்கு எஞ்சின் நின்றால் என்ன செய்வது, ரேடியோ ஓய்ந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் மனப்பாடமாகும்வரை சொல்லித் தருகிறார்கள். எலிவேட்டர் ட்ரிம் சக்கரம் சுழல மறுத்தால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அது நடந்தபோது விமானத்தில் நான் மட்டும் இருந்தேன். கீழே பனி மூடிய மலை. அன்று பட்ட பாட்டைவிட, தரையிறங்கிய பிறகு பட்ட பாடுதான் அதிகம். கிட்டத்தட்ட 1,400 டாலரும் ஒன்றரை மாதமும் போயின. சிறு விமானத்தில் குளிர்காலத்தில் மலைகளைத் தாண்டப்போகும் எவருக்கும் இது நேரலாம் என்பதால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகருக்கு அருகே ஒரு பயிற்சிப் பள்ளியில் தனியார் விமானி உரிமத்துக்காகப் படித்துக்கொண்டிருந்தேன். விமானம் செஸ்னா 172எஸ். உரிமத்துக்குத் தனியாக ஒரு நீண்ட பயணம் போக வேண்டும்: மொத்தம் குறைந்தது 150 கடல் மைல், மூன்று இடங்களில் முழுதாக நின்று தரையிறங்க வேண்டும், அதில் ஒரு கட்டமாவது 50 கடல் மைலுக்கு மேல் இருக்க வேண்டும். நான் போட்ட திட்டம் வடகிழக்கே வின்ஸ்லோ நகரம், திரும்பும் வழியில் பேசன், பிறகு வீடு. பாலைவனத்தின் 1,400 அடி உயரத்திலிருந்து கிளம்பி, மொகோயோன் விளிம்பு என்னும் மலைச் சுவரைத் தாண்ட 9,500 அடிக்கு ஏற வேண்டும். ஜனவரி மாதம். முந்தைய இரண்டு நாட்களும் அங்கே அபூர்வமான நல்ல மழை. அன்று காலை வானம் துடைத்துவிட்டது போல இருந்தது.

முதலில் ட்ரிம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பின்னால் நடந்தது புரியாது. விமானத்தின் வாலில் கிடையாக இருக்கும் சிறகின் பின்பாதிதான் எலிவேட்டர். கையிலிருக்கும் யோக் என்னும் கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னால் இழுத்தால் அது மேலே எழும், வால் கீழே அழுந்தும், மூக்கு உயரும். எந்த வேகத்தில் பறக்க விரும்பினாலும் அதற்கேற்ற கோணத்தில் எலிவேட்டரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். காற்று அதைத் தன் போக்குக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளல்தான் கைக்கு எடையாக வந்து சேர்கிறது. ஒரு நிமிடத்துக்கு அது ஒன்றுமில்லை. இருபது நிமிட ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரப் பயணத்துக்கும் அதைச் சுமக்க முடியாது. சிறு விமானங்களுக்கான அமெரிக்கச் சான்றளிப்பு விதிகள், மூக்கை ஏற்றவோ இறக்கவோ நெடுநேரம் தேவைப்படும் விசை 10 பவுண்டை, அதாவது நாலரைக் கிலோவை, மீறக் கூடாது என்று வரம்பு வைத்திருந்தன. பறக்கும்போது ஒரு கையால் நாலரைக் கிலோவைத் தள்ளிக்கொண்டே வரைபடம் பார்ப்பதும் ரேடியோவில் பேசுவதும் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தச் சுமையை வாங்கிக்கொள்வதுதான் ட்ரிம் டேப். 172இல் அது வலது எலிவேட்டரின் பின்விளிம்பில் மட்டும் இருக்கும் ஒரு சிறு தகடு. இரு இருக்கைகளுக்கும் நடுவே முழங்கால் உயரத்தில் இருக்கும் சக்கரத்தைப் பின்பக்கமாக உருட்டினால் அந்தத் தகடு கீழே மடங்கும். மடங்கிய தகட்டைக் காற்று மேலே தள்ளும்; தகடு எலிவேட்டரையும் சேர்த்து மேலே தூக்கும்; மூக்கு உயரும். ஆக, தகடு போகும் திசைக்கு எதிர்த்திசையில் எலிவேட்டர் போகிறது. எலிவேட்டரின் கீலிலிருந்து மிகத் தள்ளி, விளிம்பின் கடைசியில் இருப்பதால்தான் அவ்வளவு சிறிய தகடு அவ்வளவு பெரிய பரப்பை ஏந்தி நிற்க முடிகிறது. கைக்கு வந்துகொண்டிருந்த எடையைத் தகடு காற்றிடமிருந்தே வாங்கி, காற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. சக்கரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே சங்கிலியும் கம்பி வடமும் ஓடுகின்றன. கடைசியில் வலது வால் சிறகுக்குள் ஒரு சிறிய திருகு இயந்திரம், ஆக்சுவேட்டர் என்பார்கள். சக்கரத்தின் சுழற்சி திருகைச் சுற்றும்; திருகு ஒரு தண்டை முன்னும் பின்னும் தள்ளும்; தண்டு தகட்டை அசைக்கும். திருகு என்பதால் சக்கரத்திலிருந்து தகட்டை அசைக்கலாம், தகட்டிலிருந்து சக்கரத்தை அசைக்க முடியாது. வைத்த இடத்தில் அது நிற்கும். இந்தக் குணம்தான் ட்ரிம்மின் பலம். அன்று எனக்குச் சோதனையாக வந்ததும் அதே குணம்தான்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரிம் மூக்கின் உயரத்தை நிறுத்தி வைப்பதில்லை. வேகத்தை நிறுத்தி வைக்கிறது. மணிக்கு 75 கடல் மைல், அதாவது 75 நாட் வேகத்துக்கு ட்ரிம் செய்த விமானத்தைக் கைவிட்டால், மூக்கை ஏற்றியோ இறக்கியோ அது 75க்கு அருகில் வந்து நிற்கப் பார்க்கும். எஞ்சின் சக்தியை மாற்றினால் அந்த வேகம் கொஞ்சம் நகரும். ஆனாலும் அடிப்படை இதுதான். பாடப்புத்தகத்தில் இதைப் படித்திருந்தேன். அது எவ்வளவு பெரிய உதவி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

புறப்படும் முன் செய்யும் சோதனையில் சக்கரத்தை இரு பக்கமும் முழுதாக உருட்டினேன். தகடு சரியாக மேலும் கீழும் போனது. தண்டின் ஆணியும் இறுக்கமாக இருந்தது. புறப்பாட்டுக் குறியில் வைத்துக் கிளம்பினேன். ஏற்றத்தில் 75 நாட் வேகத்தைப் பிடித்து, மூக்கை அந்த நிலையில் கையால் நிறுத்தி, யோக்கில் எடை மறையும்வரை சக்கரத்தைப் பின்னால் உருட்டினேன். இந்த வரிசை முக்கியம்: மூக்கை நிறுத்துவது யோக், எடையை எடுப்பது சக்கரம். சக்கரத்தால் மூக்கை ஏற்றி இறக்கினால் விமானம் உங்கள் பின்னால் ஆடிக்கொண்டே வரும். விரல் நுனியால் தொட்டுக்கொண்டிருந்தாலே போதும் என்ற நிலைக்கு வந்த பிறகு, சுமார் இருபது நிமிடம் சக்கரத்தைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை. 3,000 அடிக்கு மேல் எரிபொருள் கலவையைக் குறைத்தேன். காற்று மெலிய மெலிய எஞ்சின் சக்தி குறைந்து, ஏறும் வேகம் நிமிடத்துக்கு 350 அடி அளவுக்கு வந்தது. வெளி வெப்பமானியைப் பார்த்துப் பயண அட்டையில் குறித்தேன்: 9,500 அடியில் மைனஸ் 6. உண்மையான காற்று வேகத்தைக் கணக்கிடத்தான் அதைக் குறித்தேன். பின்னால் என் பக்கம் சாட்சி சொன்னது அந்த ஒரே எண்.

உயரத்தை எட்டியதும் வழக்கப்படி மூக்கைத் தாழ்த்தி, வேகம் கூடட்டும் என்று காத்திருந்தேன். யோக்கை முன்னால் தள்ளத் தள்ள எடை ஏறியது, அது இயல்பு. சக்கரத்தில் விரலை வைத்து முன்னால் உருட்டினேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். சிமென்டில் புதைத்து வைத்தது போல நின்றது. பின்பக்கமும் நகரவில்லை. வேகம் 90, 95, 100 என்று ஏறிக்கொண்டிருந்தது. 75இலிருந்து 105க்குப் போனால் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஏற்றத்துக்கென்று கீழே மடக்கி வைத்த தகட்டின்மேல் அவ்வளவு காற்றும் பாய்ந்து மூக்கைத் தூக்கியது. கையைச் சற்றே தளர்த்தினாலும் உயரமானி 100, 150 அடி என்று மேலே ஓடியது.

பயந்துவிட்டேன் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. வால் பகுதியில் ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. வலது கையால் தள்ளினேன், இடது கைக்கு மாற்றினேன், பிறகு இரு முழங்கைகளையும் தொடையில் ஊன்றிக்கொண்டு தள்ளினேன். தோள்பட்டை நடுங்கத் தொடங்கியது. அந்த நிலையில் வரைபடத்தைப் பார்க்க முடியவில்லை; ரேடியோ அலைவரிசையை மாற்றக் கையை எடுத்தால் விமானம் ஏறுகிறது. கீழே விளிம்பின் பைன் காடுகள் பனிக்குள் நின்றன. மனம் ஒரே கேள்வியைச் சுற்றிக்கொண்டிருந்தது: இதே தள்ளலோடு வின்ஸ்லோவரை போய், இறங்கி, மறுபடி எழும்பி வர வேண்டுமா?

விடை தள்ளும் கையிலேயே இருந்தது. ஏறும்போது இந்த எடை இல்லையே, ஏன் இல்லை? அப்போது வேகம் 75. தகடு இப்போதும் அதே இடத்தில்தான் இருக்கிறது. மாறியிருப்பது வேகம் மட்டும். அப்படியானால் விமானத்தை அந்தத் தகடு கேட்கும் வேகத்துக்கே கொண்டுபோனால் என்ன? எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலைப் பின்னால் இழுத்து, எஞ்சினை நிமிடத்துக்கு 2,200க்கும் 2,300க்கும் இடைப்பட்ட சுற்றுக்குக் கொண்டுவந்தேன். வேகம் குறையக் குறைய எடை கரைந்தது. 80க்கும் 85க்கும் நடுவே எங்கேயோ என் கை வெறுமனே யோக்கின்மேல் இருந்தது. ஏற்றத்தின் முழுச் சக்தி இல்லாததால் பழைய 75இல் நிற்காமல் கொஞ்சம் கூடுதலான வேகத்தில் நின்றது. உயரமானி அசையவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது.

இதைத்தான் யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை நினைக்கிறேன். ட்ரிம் ஏற்ற நிலையில் சிக்கிக்கொண்டால், அந்த வேகத்துக்கு அருகிலேயே பறந்து வீடு திரும்புங்கள். நேரம் கூடும், ஆனால் மணிக்கு எரியும் எரிபொருள் குறையும், கையும் மூளையும் உங்கள் வசம் இருக்கும். தவிர, ஏற்ற வேகம் தரையிறங்கும் வேகத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் இறங்குவதும் எளிது. பயண வேகத்தில் சிக்கினால் நிலைமை தலைகீழ்: பயணம் சுகமாக இருக்கும், இறங்கும்போது வேகம் குறையக் குறைய யோக்கை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்போது நீளமான ஓடுபாதையைத் தேர்ந்தெடுத்து, பின்னிறகை, அதாவது ஃபிளாப்பை, குறைவாக இறக்கி, வழக்கத்தைவிடச் சற்றுக் கூடிய வேகத்தில் வருவதுதான் நல்லது.

கை விடுபட்டதும் ரேடியோவில் என்னைப் பின்தொடர்ந்துகொண்டிருந்த அல்புகர்க்கி விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்திடம், ட்ரிம் சிக்கியிருக்கிறது, கட்டுப்பாடு இருக்கிறது, திரும்பிப் போகிறேன் என்று சொன்னேன். அவசரநிலை அறிவிக்கிறீர்களா என்று கேட்டார்கள். இப்போதைக்கு இல்லை என்றேன். எத்தனை பேர் இருக்கிறீர்கள், எத்தனை மணி நேர எரிபொருள் இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அந்தக் குரலின் நிதானம் எனக்கு எவ்வளவு தெம்பு தந்தது என்று சொல்ல வார்த்தையில்லை. இதுபோன்ற சிக்கலில் பேசத் தயங்காதீர்கள். யாரும் திட்டுவதில்லை; உங்களுக்கு உயரமும் வழியும் ஒதுக்கித் தருவதற்காகத்தான் கேட்கிறார்கள். பேசன் எனக்கு மிக அருகில் இருந்தது. ஆனால் அது 5,100 அடி உயரத்தில் மேட்டு நிலத்தின்மேல் இருக்கும், கட்டுப்பாட்டுக் கோபுரமில்லாத விமான நிலையம், எனக்குப் பழக்கமில்லாதது. கட்டுப்பாடு கையில் இருந்ததால் பழகிய நீண்ட ஓடுபாதைக்கே போவது என்று முடிவெடுத்தேன். கட்டுப்பாடு சந்தேகமாக இருந்திருந்தால் பேசன்தான்.

8,500 அடியில் மசட்சால் மலைத் தொடரைத் தாண்டிய பிறகு சக்தியை இன்னும் குறைத்தேன். யோக்கைத் தொடாமலேயே மூக்கு தானாகத் தாழ்ந்து, கிட்டத்தட்ட அதே வேகத்தில் விமானம் இறங்கத் தொடங்கியது. ட்ரிம் வேகத்தில் இருந்தால் ஏறுவதையும் இறங்குவதையும் திராட்டிலே பார்த்துக்கொள்ளும். ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஒருமுறை சக்கரத்தை இரு விரலால் மட்டும் அசைத்துப் பார்த்தேன். முழுப் பலத்தையும் போட்டுத் திருக மனம் துடித்தது, ஆனால் செய்யவில்லை. வடமோ சங்கிலியோ பல்லிலிருந்து கழன்றால் இருப்பதும் போய்விடும். சுமார் 4,500 அடியில், வெப்பமானி சுழியத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரம் ஆன பிறகு, சக்கரம் ஒரு சிறு நெரிப்போடு அசைந்தது. அதன் பிறகு வெண்ணெய் போல ஓடியது.

ஓடியபோதும் அதை நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. மூக்கு உயரும்படி ட்ரிம் வைத்த விமானத்தில், ஃபிளாப் இறங்கிய நிலையில், இறங்காமல் மறுபடி ஏறுவதற்காகத் திடீரென முழுச் சக்தி கொடுத்தால் மூக்கு வேகமாக மேலே எழும். பலமாகத் தள்ளவில்லையென்றால் தரைக்கு அருகிலேயே விமானம் மிதவை இழந்து விழும். எலிவேட்டர் ட்ரிம் ஸ்டால் என்று இதற்கே ஒரு பயிற்சி இருக்கிறது. பயிற்றுநர் ஆகப்போகிறவர்களுக்குத்தான் அதைச் செய்து காட்டுகிறார்கள், மாணவர்களுக்குக் காட்டுவதில்லை. நான் அதைப் பற்றி அதற்கு முந்தைய வாரம் தற்செயலாகப் படித்திருந்தேன். எனவே நீண்ட நேர்கோட்டில் வந்தேன். ஃபிளாப்பை 20 டிகிரியோடு நிறுத்தினேன். மறுபடி ஏற நேர்ந்தால் திராட்டிலை மெதுவாகத் தள்ளுவது, அதற்கு முன்பே மற்றக் கையை முட்டுக் கொடுத்து வைப்பது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். ஏற வேண்டிய தேவை வரவில்லை. சக்கரங்கள் தரையைத் தொட்டன.

நிறுத்துமிடத்தில் மெக்கானிக் வந்து ட்ரிம் சக்கரத்தை உருட்டினார். இரு பக்கமும் இலகுவாக ஓடியது. வாலுக்குப் போய்த் தகட்டை ஆட்டிப் பார்த்தார்; எல்லாம் சரி. ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார். தலைமைப் பயிற்றுநர் என்னை அறைக்குள் கூப்பிட்டு, நீங்கள் ட்ரிம் செய்யவே கற்கவில்லை, பதற்றத்தில் சக்கரத்தைத் தவறான பக்கம் உருட்டியிருக்கிறீர்கள் என்றார். மூன்று இடங்களில் இறங்காததால் பயணம் கணக்கில் சேரவில்லை. வாடகை மட்டும் முழுதாகக் கணக்கில் ஏறியது. ட்ரிம் பற்றி மறுபயிற்சி, பயிற்றுநர் கட்டணம், திரும்ப ஒரு தனிப் பயணம், தள்ளிப்போன தேர்வுக்குத் தேர்வாளருக்கு இழந்த முன்பணம் எல்லாம் சேர்ந்துதான் அந்த 1,400 டாலர். ஊரில் அப்பா நகையை வைத்து அனுப்பிய பணம் அது. அவமானமும் கோபமும் தொண்டையை அடைத்தன. மறுபயிற்சியில் விமானம் 4,000 அடிக்கு மேல் போகவே இல்லை, ட்ரிம் அழகாக வேலை செய்தது. அது என் குற்றத்துக்கு இன்னொரு சான்றாகிவிட்டது.

எனக்கு வழி காட்டியவர் திருநெல்வேலியைச் சேர்ந்த ஒரு சீனியர். வணிக உரிமத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். அறையில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தம்பி, சிக்கினபோது வெளி வெப்பம் எவ்வளவு?" என்றார். மைனஸ் 6 என்று பயண அட்டையைக் காட்டினேன். "விட்டது எப்போது?" சுழியத்தைத் தாண்டிய பிறகு என்றேன். கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த விமானம் இரண்டு நாள் மழையில் வெளியில்தான் நின்றது. ஆக்சுவேட்டருக்குள் தண்ணீர் போயிருக்கும். தரையில் திறந்து பார்க்காமல் உருட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது" என்றார். அண்ணன் சொன்னதை அப்படியே எழுதி, வெப்பநிலை, உயரம், நேரத்தோடு பராமரிப்புப் பிரிவுக்குக் கொடுத்தேன். உடனே யாரும் திறக்கவில்லை. பிறகு ஒரு பயிற்றுநரே அதே விமானத்தை மலைக்கு மேல் கொண்டுபோய், அதே இடத்தில் சிக்கித் திரும்பி வந்த பின்புதான் வால் சிறகின் மூடியைக் கழற்றினார்கள்.

மெக்கானிக் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளங்கையில் அடங்கும் ஆக்சுவேட்டர். திருகின் பள்ளங்களில் இருக்க வேண்டிய கிரீஸ், தேன் நிறத்தில் இல்லாமல் நீர் கலந்து மோர் போல வெளுத்திருந்தது. அடியில் பழைய கிரீஸ் தூசியோடு சேர்ந்து கட்டியாகி இருந்தது. துணியை வைத்து அழுத்தினால் நீர் சொட்டியது. தரையில் அது மெழுகு போல வழுக்கும். சுழியத்துக்குக் கீழே போனால் உறைந்து திருகைப் பிடித்துக்கொள்ளும். ஏன் சரியாக ஏற்றத்தில் சிக்கியது என்பதும் அப்போதுதான் புரிந்தது. ஏற்றத்தின் இருபது நிமிடமும் சக்கரம் அசையாமல் நின்றது. குளிர்ந்துகொண்டே போகும் காற்றில் அசையாமல் நிற்கும் திருகுதான் உறையும்.

அதனால் இப்போது குளிர்காலத்தில் நீண்ட ஏற்றம் வந்தால், ஆயிரம் அடிக்கு ஒருமுறை சக்கரத்தை ஒரு விரல் அகலம் முன்னும் பின்னும் உருட்டி, பழைய இடத்திலேயே விடுகிறேன். விமானம் அதை உணர்வதுகூட இல்லை. விறைப்பு தெரிந்தால் ஏறுவதை நிறுத்திக் கீழே இறங்கிவிடலாம். தகடு இன்னும் கைவசம் இருக்கும். மழைக்குப் பிறகோ, அழுத்த நீரால் கழுவிய பிறகோ வந்த விமானம் என்றால் மலைப் பயணத்துக்கு எடுக்கும் முன் கேட்டு விசாரிக்கிறேன். தானியங்கி விமானி பொருத்திய விமானத்தில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். ட்ரிம் சிக்கினாலும் அது சத்தமில்லாமல் யோக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கும். ட்ரிம் எச்சரிக்கை மின்னும்போது அதை அணைத்தால், அதுவரை அது சுமந்த எடை முழுவதும் ஒரே நொடியில் உங்கள் கைக்கு வரும். யோக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் அணைக்க வேண்டும்.

ட்ரிம் திருகுக்கு கிரீஸ் என்பது சின்ன விஷயமில்லை என்று அறிய, 2000ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் கடலில் விழுந்த அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 விமானத்தின் விசாரணையைப் படியுங்கள். அதன் வகை எம்டி-83. அங்கே தகடு அல்ல, வால் சிறகு முழுவதையுமே ஒரு பெரிய திருகு அசைக்கும். போதுமான கிரீஸ் இல்லாமல் அதன் நட்டின் புரிகள் தேய்ந்துபோயிருந்தன. ஏற்றத்தில் அது சிக்கியது. விமானிகள் கையால் பிடித்துக்கொண்டு பறந்தார்கள். விடுவிக்க முயன்றபோது சிக்கியிருந்த திருகு நட்டிலிருந்து விடுபட்டு, விமானம் கீழே பாய்ந்தது. 88 பேரும் இறந்தார்கள். சிக்கிய ட்ரிம்மை மறுபடி மறுபடி இயக்கி விடுவிக்கப் பார்க்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் காரணம். இருக்கும் இடத்தில் அது நிற்கட்டும். அதற்கேற்ற வேகத்தில் நீங்கள் பறந்து இறங்குங்கள்.

ஆக்சுவேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, குளிர் தாங்கும் புது கிரீஸ் போட்டு மாட்டினார்கள். எனக்கு மறுபயிற்சிக் கட்டணத்தை மட்டும் திருப்பித் தந்தார்கள். அன்றைய வாடகையும் தேர்வின் முன்பணமும் வரவில்லை. பணத்தைக் கேட்டு வாதாடியபோது என் பக்கம் நின்றது அந்தப் பயண அட்டை ஒன்றுதான். எனவே இதுபோன்ற கோளாறு வந்தால், தரையிறங்கியதும் எஞ்சினை அணைக்கும் முன்பே எழுதிவிடுங்கள். "ட்ரிம் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் தரையில் உருட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். என் கோளாறுப் புத்தகத்தில் இப்போது இப்படித்தான் எழுதுவேன்: "9,500 அடி, வெளி வெப்பம் மைனஸ் 6, ஏற்ற நிலையில் இருபது நிமிடம் அசைக்காமல் இருந்த பின் ட்ரிம் சக்கரம் இரு பக்கமும் அசையவில்லை. 4,500 அடியில், சுழியத்துக்கு மேல், தானாக விடுபட்டது. ஆக்சுவேட்டரைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று பார்க்கவும்."